இடைவெளி பற்றிக் கேட்டார்கள், வீடு வந்து என்ன எழுதுவது?

நேயர்களுக்கு வணக்கம்.

"நடுவில் இரண்டு வருஷம் வேலையில் இல்லையே, ஏன்?" நேர்காணலில் இந்தக் கேள்விக்குத் தடுமாறியவர்களுக்குச் சரியான பதில் வீடு திரும்பும் வழியில்தான் வரும். அதை நன்றி சொல்லி அனுப்பும் மின்னஞ்சலில் எழுதலாம். எப்படி என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

கணக்குப் பிரிவில் இருந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். தந்தைக்குப் பக்கவாதம் வந்ததால் 2022 மார்ச்சில் வேலையை விட்டார். 2024 ஜூனில் நேர்காணல். ஆக, 27 மாத இடைவெளி. பதற்றத்தில் "ஒன்றரை வருஷம் இருக்கும்" என்று சொல்லிவிட்டார். பிறகு மருத்துவமனையில் பட்ட பாட்டையெல்லாம் விவரித்தார்.

இதில் முதலில் திருத்த வேண்டியது அந்த ஒன்றரை வருஷம்தான். வேலை உறுதியாகும் முன் பழைய நிறுவனத்தின் பணிவிடுவிப்புக் கடிதத்தைக் கேட்பார்கள். அதில் தேதி இருக்கும். அப்போது தெரியவந்தால், வாய் தவறிச் சொன்னதும் மறைத்ததாகவே படும்.

அடுத்து, கேட்டவர் மனதில் இருந்தது என்ன? தேர்வுக்குழுவில் உட்கார்ந்து நானும் இதைக் கேட்டிருக்கிறேன். உங்கள் குடும்பக் கதையைத் தெரிந்துகொள்வது என் நோக்கமல்ல. அந்தக் காரணம் இன்னும் தொடர்கிறதா, கை வேலையை மறந்துவிட்டதா, இந்த இரண்டும்தான் எனக்குத் தெரிய வேண்டும். எனவே அந்தப் பெண் இப்படி எழுதலாம்:

"இன்று நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. இடைவெளியை ஒன்றரை வருடம் என்று தவறாகச் சொன்னேன். 2022 மார்ச் முதல் இதுவரை 27 மாதங்கள். தந்தையைக் கவனித்துக்கொள்ள வேலையை விட்டேன். இப்போது அவரைப் பார்த்துக்கொள்ள நிரந்தர ஏற்பாடு இருக்கிறது, என்னால் முழுநேரமும் பணியாற்ற முடியும். மாதக் கணக்கு முடிப்பது பற்றிக் கேட்டீர்கள். கடந்த மூன்று மாதமாக உறவினர் ஒருவரின் சிறு வணிகத்துக்கு அதைச் செய்துவருகிறேன்."

நோயின் விவரமோ, மன்னிப்போ இதில் கிடையாது. கடைசி வாக்கியம் நேர்காணலில் வந்த கேள்வியையே தொட்டு நிற்பதைக் கவனியுங்கள். "பல விஷயங்களைக் கற்றுக்கொண்டேன்" என்று பொதுவாக எழுதியிருந்தால் அதற்கு மதிப்பில்லை. உண்மையில் அந்த வேலையைச் செய்யாதவர் அந்த வரியை எழுதவே கூடாது. யாருக்குச் செய்தீர்கள், காட்டுங்கள் என்று கேட்டால் பதில் வேண்டுமே.

அன்று மாலையோ மறுநாள் காலையோ அனுப்பிவிடுங்கள். தேர்வுக்குழு கூடிப் பேசுவதற்கு முன் போய்ச் சேர்ந்தால், உங்களைப் பற்றிய குறிப்பில் அந்த வரிகளும் ஏறும்.

ஒன்று மட்டும். உங்கள் பதிலைக் கேட்டுத் தலையசைத்துவிட்டு அவர் அடுத்த கேள்விக்குப் போயிருந்தால், நீங்கள் சொன்னதும் சரியாக இருந்தால், மின்னஞ்சலில் இடைவெளியைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள். நன்றி மட்டும் போதும்.