அந்த ஆறு தவறுகள் யாருக்கு?

வணக்கம் நேயர்களே. கையெழுத்து, அட்டை எல்லாம் போய், வேலையிடத்து வாசலில் ஒரு கருவிக்கு முகத்தைக் காட்டிவிட்டு உள்ளே போகும் காலம் இது. அந்தக் கருவிகளைப் பொருத்துவதும் சரிசெய்வதும் என் தொழில். அவை எப்போது தவறுகின்றன, அந்தத் தவறு யார் தலையில் விழுகிறது என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

வேலையில் சேரும்போது உங்கள் முகத்தைப் படம் எடுக்கிறார்கள் அல்லவா? கருவி அந்தப் படத்தை அப்படியே வைத்து ஒப்பிடுவதில்லை. கண், மூக்கு, வாயோரம் எங்கே இருக்கின்றன என்று பார்த்து, முகத்தை நேராக்கி, அதை எண்களின் வரிசையாக மாற்றி வைத்துக்கொள்கிறது. பல மென்பொருள்களில் அது 128 அல்லது 512 எண்கள். மறுநாள் காலை நீங்கள் போய் நின்றதும் புதிதாக ஒரு வரிசை உருவாகிறது. சேமித்து வைத்த எல்லோருடைய வரிசைகளோடும் அதை ஒப்பிட்டு மதிப்பெண் போடுகிறது. மதிப்பெண் ஒரு வரம்பைத் தாண்டினால் உங்கள் பெயர் பதிவாகும். அதாவது, "இவர்தான்" என்று கருவிக்கு ஒருபோதும் உறுதியாகத் தெரியாது. "போதுமான அளவு ஒத்திருக்கிறது" என்பது மட்டும்தான் தெரியும்.

300 பேர் வேலை செய்யும் இடம் என்று வைத்துக்கொள்வோம். வரும்போது ஒரு பதிவு, போகும்போது ஒரு பதிவு, ஆக ஒரு நாளைக்கு 600. நூற்றுக்கு ஒன்று தவறினால் தினமும் 6 தவறுகள். எல்லோருக்கும் சமமாகப் பங்கு போட்டால், ஒருவருக்கு 50 வேலைநாளில் ஒரு முறை. யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். ஆனால் தவறுகள் அப்படிப் பங்கு பிரிவதில்லை. அந்த ஆறும் அதே மூன்று பேருக்கு, காலையும் மாலையும் வரலாம். 99 சதவீதம் சரி என்ற கணக்கு அப்போதும் உண்மைதான். அந்த மூன்று பேருக்கு மட்டும் கருவி ஒரு நாளும் வேலை செய்யவில்லை.

நான் பார்த்த ஓர் இடத்தில் ஒரு பெண் ஊழியருக்கு இப்படித்தான் நடந்தது. அவருக்கு 8 மணி ஷிப்ட். 7.54க்கே வாசலுக்கு வந்துவிடுவார். கருவி மூன்று முறை மறுக்கும். பின்னால் வரிசை நிற்கிறதே என்று ஒதுங்கி, எல்லோரும் போனபின் மறுபடி நிற்பார். 8.03க்குப் பதிவாகும். மூன்று தாமதத்துக்கு அரை நாள் சம்பளம் பிடிப்பார்கள். அந்த மாதம் 15 தாமதம், இரண்டரை நாள் போயிற்று. மறுக்கப்பட்ட முயற்சிகளை அந்தக் கருவி சேமிக்கவே இல்லை. அதனால் ஆவணத்தில் அவர் வெறுமனே தாமதமாக வருபவர்.

பதிவான நாட்களின் மதிப்பெண்ணை எடுத்துப் பார்த்தேன். வரம்பு 0.60. மற்றவர்கள் 0.80ஐ ஒட்டி இருந்தார்கள். இவர் 0.61, 0.62 என்று விளிம்பிலேயே தொங்கிக்கொண்டிருந்தார். காரணம், அவரைச் சேர்த்த நாளில் ஜன்னலுக்கு முன்னால் நிற்கவைத்து அவசரமாக எடுத்த படம். பின்னால் வெளிச்சம், முகமெல்லாம் இருட்டு. கருமையான முகங்களுக்கு இந்த எதிர்வெளிச்சம் இன்னும் அதிகம் பாதிப்பு தரும். வெளிச்சத்தைப் பார்த்து நிற்கவைத்து மறுபடி சேர்த்தோம். 0.78க்கு ஏறியது.

அதற்கு முன் மேனேஜர் ஒரு யோசனை சொன்னார்: "வரம்பைக் குறைத்துவிடுங்கள், எல்லோரும் உள்ளே போகட்டும்." அதைச் செய்யக் கூடாது. ஒவ்வொரு முகமும் 300 பேரோடு ஒப்பிடப்படுகிறது. வரம்பு தளர்ந்தால் ஒருவர் வருகை இன்னொருவர் பெயரில் விழும், வந்தவருக்கு ஆப்சென்ட். இந்த வகைத் தவறும் எல்லோருக்கும் ஒரே அளவில் வருவதில்லை. அமெரிக்காவின் தர அளவை நிறுவனமான நிஸ்ட் 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவரை இன்னொருவராக எடுத்துக்கொள்ளும் தவறு, பல மென்பொருள்களில் சில இனத்தவருக்கு 10 முதல் 100 மடங்கு வரை கூடுதலாக இருந்தது.

அதனால் இரண்டாவது வழி ஒன்று கட்டாயம் வேண்டும். அட்டையோ கையெழுத்தோ, அதைப் பயன்படுத்துபவரைச் சந்தேகத்தோடு பார்க்காத வழியாக இருக்க வேண்டும். 2024 பிப்ரவரியில் பிரிட்டனில் தனிநபர் தகவல் பாதுகாப்பைக் கண்காணிக்கும் தகவல் ஆணையர் அலுவலகம், செர்கோ லெஷர் நிறுவனம் 38 உடற்பயிற்சி, பொழுதுபோக்கு மையங்களில் 2,000க்கும் மேற்பட்ட ஊழியர்களின் முகத்தை வைத்து வருகை பதிவதை நிறுத்தச் சொன்னது. வேண்டாம் என்பவர்களுக்கு மாற்று வழி முன்வைக்கப்படவில்லை என்பது அதற்கு ஒரு முக்கியமான காரணம்.

உங்கள் இடத்தில் கருவி மறுத்தால், அந்த நிமிடமே வாசல் காவலாளியின் நோட்டில் நேரத்தை எழுதிவிடுங்கள். நிர்வாகத்தில் இருப்பவர்கள் மாதம் ஒரு முறை, மறுப்புகளை மொத்தமாக அல்ல, ஆள்வாரியாக எடுத்துப் பாருங்கள். சேமிக்காத கருவி என்றால் முதலில் சேமிக்கச் சொல்லுங்கள். அந்தப் பெண்ணுக்கு இரண்டரை நாள் சம்பளம் திரும்பக் கிடைத்தது. காவலாளி தன் பழக்கப்படி, தினமும் உள்ளே வருபவர்களின் நேரத்தைப் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். அவருடைய நோட்டில் 7.54 என்று இருந்தது.