குஷன்ல எங்க அடிக்கணும்? நடுப்புள்ளி ஏன் ஏமாத்துது (சந்தேகங்களுக்கு விளக்கம்)

கேள்வி: "சார், ஸ்னூக்கர்ல வெள்ளை பாலுக்கும் சிவப்பு பாலுக்கும் நடுவுல வேற பால் மறைச்சிருந்துச்சு. டேபிளோட ஓரத்துல ரப்பர் வச்ச சைடு குஷன்ல பட்டு வந்து சிவப்ப தொடணும். போற கோணமும் வர்ற கோணமும் சமம்னு நீங்க தான் சொன்னீங்க, அதனால ரெண்டுக்கும் சரியா நடுவுல குஷன்ல குறி வச்சேன். பால் சிவப்பு பக்கத்துல கூட போகல. ஏன்?"

இந்த கேள்விய படிச்சதுல இருந்து மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு, அவ்ளோ நல்ல கேள்வி. கோணம் சமம்ங்கறது சரி தாங்க. ஆனா கோணம் சமமா இருந்தா தூரமும் சமமா இருக்கணும்னு யாரு சொன்னா? ரெண்டு பாலும் குஷன்ல இருந்து ஒரே தூரத்துல இருந்தா மட்டும் தான் நடுப்புள்ளி. ஒண்ணு கிட்டயும் ஒண்ணு தள்ளியும் இருந்தா குறி கிட்ட இருக்கற பால் பக்கமா நகரும்.

ஒரு கணக்கு வச்சுக்கலாம். வெள்ளை குஷன்ல இருந்து 40 சென்டிமீட்டர், சிவப்பு 80 சென்டிமீட்டர். (இந்த தூரத்த எங்க இருந்து அளக்கணும்ங்கறதுல ஒரு விஷயம் இருக்கு, அத பிறகு சொல்றேன்.) ரெண்டு பால்ல இருந்தும் குஷனுக்கு நேரா செங்குத்தா ஒரு கோடு இறக்குங்க. அந்த ரெண்டு கோடும் குஷன தொடற எடங்களுக்கு நடுவுல 120 சென்டிமீட்டர்னு வச்சுக்குவோம். இப்ப பால் குஷன்ல படற புள்ளிக்கு இந்த பக்கம் ஒரு செங்கோண முக்கோணம், அந்த பக்கம் ஒரு செங்கோண முக்கோணம். ரெண்டுலயும் ஒரு கோணம் 90 டிகிரி, குஷன்கிட்ட இருக்கற கோணமும் சமம், அப்ப பத்தாங்கிளாஸ்ல படிச்ச வடிவொத்த முக்கோணம் தான் இது. உயரம் 40-க்கு 80, அதாவது ஒண்ணுக்கு ரெண்டு. அப்ப அடிப்பக்கமும் ஒண்ணுக்கு ரெண்டா தான் இருக்கணும். 120-ஐ ஒண்ணுக்கு ரெண்டா பிரிச்சா 40, 80. குறி வெள்ளைக்கு நேர் எதிர்ல இருந்து 40-ல. நீங்க குறி வச்சது 60-ல. அங்க பட்டு திரும்பற பால் சிவப்போட மையத்த விட்டு 33 சென்டிமீட்டர் தள்ளி போயிடும், பக்கத்துல கூட போகலன்னு நீங்க எழுதினது அப்படியே கணக்குல வருது.

சரி, மேட்ச்ல யாரு டேப் வச்சு அளக்கறது? கண்ணாடி பத்தின வீடியோ பாத்தவங்களுக்கு இது தெரிஞ்ச விஷயம். குஷன ஒரு கண்ணாடின்னு நெனைச்சு, சிவப்போட பிம்பம் குஷனுக்கு பின்னாடி அதே 80-ல இருக்குன்னு வச்சு, அந்த பிம்பத்த நேரா அடிக்கறது. வெள்ளைல இருந்து பிம்பத்துக்கு போற நேர்கோடு குஷன எங்க வெட்டுதோ அது தான் 40. இத நான் எத்தனை வீடியோல சொல்லியிருப்பேன், இன்னும் சொல்லுவேன், பிரதிபலிப்புன்னு வந்தாலே பிம்பத்த நேரா பாருங்க, பாதி வேலை முடிஞ்சிடும். ஆனா டேபிளுக்கு வெளிய அந்தரத்துல பிம்பத்த நிறுத்தறது நிறைய பேருக்கு கஷ்டம்.

அதுக்கு ஒரு கிளப்ல ஸ்கோர் குறிக்கற மார்க்கரா இருந்த பெரியவர் ஒருத்தர் எனக்கு காட்டின வழி இருக்கு, எனக்கு ரொம்ப பிடிச்சது. (ஸ்னூக்கர் 1875-ல ஜபல்பூர்ல பொறந்து ஊட்டி கிளப்புல ரூல்ஸ் எழுதி ஒட்டப்பட்ட ஆட்டம்னு சொல்லுவாங்க, அந்த கதைய ஆரம்பிச்சா அவர் நிறுத்த மாட்டாரு.) வெள்ளைல இருந்து சிவப்புக்கு நேர் எதிர்ல இருக்கற குஷன் எடத்துக்கு மனசுல ஒரு கோடு. சிவப்புல இருந்து வெள்ளைக்கு நேர் எதிர்ல இருக்கற குஷன் எடத்துக்கு இன்னொரு கோடு. ரெண்டும் பெருக்கல் குறி மாதிரி வெட்டும். வெட்டற எடத்துல இருந்து குஷனுக்கு நேரா இறங்குங்க, அது தான் குறி. அவர் பால அடிக்கற க்யூ குச்சிய டேபிளுக்கு மேல தூக்கி புடிச்சு ஒரு தடவை இப்படி, ஒரு தடவை அப்படி பாப்பாரு, அவ்ளோ தான். நம்ம கணக்குல போட்டு பாருங்க, சரியா 40-ல இறங்கும். இதுக்குள்ள இருக்கறதும் அதே வடிவொத்த முக்கோணம் தான், நோட்டுல வரைஞ்சு நீங்களே நிரூபிங்க.

இப்ப எங்க இருந்து அளக்கறதுங்கற விஷயம். பால் ஒரு புள்ளி இல்ல. ஸ்னூக்கர் பாலோட விட்டம் 52.5 மில்லிமீட்டர், அதனால அதோட மையம் குஷன் விளிம்ப தொடவே தொடாது, 2.6 சென்டிமீட்டர் முன்னாடியே திரும்பிடும். நம்ம கண்ணாடி குஷன் விளிம்புல இல்ல, 2.6 முன்னாடி குஷனுக்கு இணையா போற கோட்டுல இருக்கு. நான் சொன்ன 40, 80 எல்லாம் அந்த கோட்டுல இருந்து அளந்தது. விளிம்புல இருந்து அளந்தா 42.6, 82.6. இத விட்டுட்டு விளிம்புலயே கணக்கு போட்டு குறி வச்சா, நம்ம உதாரணத்துல வெள்ளை சிவப்போட மையத்துல இருந்து மூணரை சென்டிமீட்டர் விலகி வரும். ரெண்டு மையமும் 5.2-க்குள்ள வந்தா பால் தொடும், அதனால தொடறது என்னவோ தொடும், ஆனா ஓரத்துல உரசிட்டு போகும். சிவப்ப முழுசா அடிக்கணும்னு நெனைச்சு எப்பவும் ஒரே பக்கம் மெலிசா படுதுன்னா இதையும் சந்தேகப்படுங்க. சரியான பழக்கம் என்னன்னா, பால் விளிம்ப தொடப்போற எடம் 40, ஆனா க்யூவ நீட்டி பாக்கறப்ப விளிம்புல கண்ணு நிக்க வேண்டிய எடம் 42.6, கொஞ்சம் தாண்டி.

அப்புறம் பால் வெளிச்சம் கிடையாது. மெதுவா உருண்டு போய் படற பாலுக்கு முன்னோக்கி உருளற சுழற்சி மிச்சம் இருக்கும், அது திரும்பின பிறகும் குஷன் பக்கமே இழுக்கும், அதனால பாதை குஷன ஒட்டி நீளமா போகும். அதே குறிய ஓங்கி அடிச்சா குஷன் ரப்பரோட உராய்வு பால பிடிச்சு இழுக்கும், பாதை நிமிர்ந்து குறுகிடும். சைடு ஸ்பின் போட்டா இன்னும் மாறும். உங்க டேபிள் எப்படின்னு தெரிஞ்சுக்க, ஒரே எடத்துல இருந்து ஒரே குறிக்கு, பாலோட நடுவுல அடிச்சு, மெதுவா, மிதமா, வேகமான்னு அனுப்பி அந்தப்பக்கம் எங்க போய் படுதுன்னு சாக் வச்சு பாருங்க. எந்த வேகத்துல சமகோணம் வருதோ அந்த வேகத்துல தான் இந்த கணக்கு வேலை செய்யும், மத்த வேகத்துக்கு எவ்ளோ நகர்த்தணும்னு அங்கயே தெரிஞ்சிடும்.

ஆனா நீங்க கேட்டிருந்தா நான் குதிச்சிருப்பேன்ங்கற கேள்வி வேற. குஷன தொட்டுட்டு போற பாதையில எது குறைவான நீளம்? அலெக்சாண்ட்ரியால இருந்த ஹீரோங்கற கணித மேதை கிட்டத்தட்ட 2000 வருஷத்துக்கு முன்னாடியே சொன்னது தான், சமகோண பாதை தான் மிகக் குறைவு, ஏன்னா பிம்பத்துக்கு அது நேர்கோடு. நம்ம டேபிள்ல அளந்து பாக்கலாம். 40-ல பட்டு போற பாதை 169.7 சென்டிமீட்டர். 60-ல பட்டு சிவப்புக்கு போகணும்னா 172.1. பாத்தீங்களா, குறிய 20 சென்டிமீட்டர் நகர்த்தியும் நீளம் ரெண்டரை கூட ஏறல! மிகக் குறைவான எடத்துக்கு பக்கத்துல நீளம் அப்படித்தான், மாறவே மாட்டேங்கும். ஆனா திரும்பற பாலோ 33 சென்டிமீட்டர் தள்ளி போயிடுச்சு. அதனால ரெண்டு பாலுக்கும் நடுவுல நூல் புடிச்சு, எங்க நூல் குறைவா செலவாகுதுன்னு தடவி குறி கண்டுபிடிக்கலாம்னு யாராவது யோசிச்சா வேண்டாம், நூல் அந்த வித்தியாசத்த காட்டவே காட்டாது. அந்த பெருக்கல் குறிய போட்டு பழகுங்க.