ஒயினில் ஐஸ் போட்டால் சுவை கெடுமா? ஸ்பிரிட்ஸரின் தண்ணீர்க் கணக்கு

[திரையில்: வெயில் படும் மேசை. கைப்பிடி வைத்த கண்ணாடிக் குவளையில் வெள்ளை ஒயின் ஊற்றப்படுகிறது. அதன் மேல் சோடா.]

வியன்னா நகரின் ஓரங்களில், திராட்சைத் தோட்டக்காரர்கள் தங்கள் சொந்த ஒயினைத் தாங்களே விற்கும் எளிய விடுதிகள் உண்டு. அவற்றை ஹாய்ரிகர் என்பார்கள். கோடைக்காலத்தில் அங்கே போய் உட்கார்ந்தால், மேசைக்கு மேசை காணக் கிடைப்பது தனி ஒயின் அன்று. ஒயினும் சோடாவும் சரிபாதியாகக் கலந்த 'கஷ்பிரிட்ஸ்டர்', அதாவது மற்ற இடங்களில் ஸ்பிரிட்ஸர் எனப்படும் பானம். கால் லிட்டர் குவளையில் 125 மில்லி ஒயின், 125 மில்லி சோடா என்பதே வழக்கமான அளவு. ஒயினைத் தொழிலாகக் கொண்ட ஊரே அதில் பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்த்துக் குடிக்கிறது என்றால், தண்ணீர் பட்டாலே ஒயின் கெட்டுவிடும் என்ற கூற்றைச் சற்று ஆராய வேண்டியிருக்கிறது.

தண்ணீர் சேர்வதால் மட்டும் ஒயின் கெடுவதில்லை. எவ்வளவு சேர்கிறது என்று தெரியாமல் சேர்வதாலும், அதைத் தாங்காத ஒயினில் சேர்வதாலும்தான் கெடுகிறது. சோடா ஊற்றும்போது அளவு நம் கண்ணுக்குத் தெரிகிறது. ஐஸ் போடும்போது அதே தண்ணீர் தாமதமாக வந்து சேர்கிறது. ஆகவே ஐஸ் எவ்வளவு கரையும் என்பதை முதலில் கணக்கிட்டுப் பார்ப்போம்.

[திரையில்: இரண்டு ஒயின் கிளாஸ்கள் பக்கத்தில் பக்கத்தில். ஒன்றின் கீழே '30 டிகிரி', மற்றதின் கீழே '8 டிகிரி'.]

அலமாரியில் இருந்த ஒயின் 30 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 150 மில்லியை ஊற்றி, ஐஸ் போட்டு 8 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். ஒயினின் வெப்பத்தையும், அதே சூட்டில் இருக்கும் கிளாஸின் வெப்பத்தையும் உறிஞ்சுவதற்கு, வீட்டு ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸில் ஏறக்குறைய 40 கிராம் கரைய வேண்டும். சாதாரண ட்ரேயில் உறைந்த கட்டிகளில் இது இரண்டுக்கு மேல் வரும். 13 விழுக்காடு ஆல்கஹால் இருந்த ஒயின் இப்போது 10 விழுக்காட்டுக்குச் சற்று மேலே நிற்கிறது. புளிப்பும் மணமும் அதே விகிதத்தில் குறைந்திருக்கும். இதுவும் குளிர்ந்த அந்தக் கணத்தின் நிலைதான். கிளாஸில் மிச்சமிருக்கும் ஐஸ் அறையின் சூட்டை வாங்கிக்கொண்டு தொடர்ந்து கரைந்துகொண்டே இருக்கும்.

பெரிய கட்டியாகப் போட்டால் குறைவாகக் கரையும் என்று பலர் நம்புகிறார்கள். இதில் பாதிதான் உண்மை. ஒரே அளவு ஒயினை ஒரே அளவு குளிர வைக்க, சிறிய கட்டியானாலும் பெரிய கட்டியானாலும் கரைய வேண்டிய ஐஸின் எடை ஒன்றே. பெரிய கட்டிக்குப் பரப்பு குறைவு என்பதால் மெதுவாகக் கரைகிறது, மெதுவாகவே குளிரவும் வைக்கிறது. சூடான ஒயினை அது காப்பாற்றாது. ஏற்கெனவே குளிர்ந்திருக்கும் ஒயினை அப்படியே வைத்திருப்பதற்குத்தான் அது நல்லது.

இரண்டாவது கிளாஸைப் பாருங்கள். ஒயின் ஃப்ரிட்ஜிலிருந்து 8 டிகிரியில் வருகிறது, அதை 5 டிகிரிக்கு இறக்கினால் போதும். ஒயினுக்காக மட்டும் கரைய வேண்டியது 5 கிராம் ஐஸ்தான். ஆனால் கிளாஸ் அறைச் சூட்டில் இருந்தால், கனத்தைப் பொறுத்து, அதைக் குளிர வைக்க இன்னும் அதே அளவுக்கு மேலேயே கரையும். அதாவது ஒயினைக் குளிர வைத்துவிட்டுக் கிளாஸை மறந்துவிட்டால், கரைகிற ஐஸில் பாதிக்கு மேல் கண்ணாடிக்கே செலவாகிறது. கிளாஸையும் பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைப்பது ஆடம்பரம் போலத் தோன்றலாம். கணக்குப் பார்த்தால் அது ஒயினைக் குளிர வைப்பதற்கு நிகரான வேலை.

பாட்டிலை முன்கூட்டியே குளிர வைக்க நேரமில்லையா? ஒரு வாளியில் ஐஸும் தண்ணீரும் பாதிக்குப் பாதி நிரப்பி, ஒரு கைப்பிடி உப்புப் போட்டு, பாட்டிலைக் கழுத்துவரை அமிழ்த்தி வையுங்கள். இருபது நிமிடத்தில் வெள்ளை ஒயின் குடிக்கும் பதத்துக்கு வந்துவிடும். வெறும் ஐஸை மட்டும் சுற்றி அடுக்கினால் இடையில் காற்று நின்று தாமதமாகும். தண்ணீர் கட்டாயம் வேண்டும்.

[திரையில்: ஃப்ரீசர் ட்ரே. கட்டிகளின் மேல் வெண்பூச்சாகப் படிந்த உறைபனி.]

ஐஸின் மணத்தையும் கவனிக்க வேண்டும். மூடாத ட்ரேயில் வாரக்கணக்கில் கிடந்த ஐஸ், பக்கத்தில் இருக்கும் மீனின் வாசத்தையும் மசாலாவின் வாசத்தையும் இழுத்து வைத்திருக்கும். விஸ்கியில் அது மறைந்துபோகலாம், வெள்ளை ஒயினில் மறையாது. குளோரின் வாசம் வீசும் குழாய்த் தண்ணீரில் செய்த ஐஸும் அப்படித்தான். வடிகட்டிய தண்ணீரை மூடி போட்ட ட்ரேயில் உறைய வைத்து, சில நாட்களுக்குள் பயன்படுத்திவிடுங்கள். கட்டிகளின் மேல் படிந்த வெண்பூச்சு இன்னொரு தொல்லை தரும்: அந்தச் சொரசொரப்பில் சோடாவின் வாயு குமிழாகக் கூடிப் பொங்கி வெளியேறிவிடும். கட்டிகளைக் குளிர்ந்த தண்ணீரில் ஒரு முறை அலசி, ஒட்டியிருக்கும் நீரை உதறிவிட்டுப் போட்டால் பொங்குவது பெருமளவு குறையும்.

இனி எந்த ஒயின் தண்ணீரைத் தாங்கும் என்று பார்ப்போம். குளிர் நாக்கில் இனிப்பை மந்தமாக்குகிறது, மணம் மேலெழுவதைக் குறைக்கிறது. கசப்பையும் துவர்ப்பையும் முன்னே தள்ளுகிறது. இதனால்தான் துவர்ப்பைத் தரும் டானின் என்ற பொருள் மிகுந்த சிவப்பு ஒயினில் ஐஸ் போட்டால் முதல் வாய் கசந்தும் கடைசி வாய் நீர்த்தும் போகிறது. ஓக் பீப்பாயில் வைத்த ஷார்டொனே என்ற வெள்ளை ஒயினும் தோற்றுவிடும். அதன் வெண்ணெய், வனிலா மணங்கள் குளிரில் அடங்கிவிட, மரத்தின் கசப்பு மட்டும் நாக்கில் நிற்கிறது. நல்ல புளிப்பும் தெளிந்த பழமணமும் உள்ள, மரம் படாத, இளமையான வெள்ளை ஒயின்தான் இதற்கு ஏற்றது. ஆஸ்திரியர்கள் குரூனர் வெல்ட்லினர், வெல்ஷ்ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் வகைகளை எடுப்பதன் காரணம் இதுவே. நம் நாட்டுக் கடையில் வாங்குபவர்களுக்கு நாசிக் பகுதியின் சொவீன்யோன் பிளாங்க் பொருந்தும். விலை உயர்ந்த பாட்டில் தேவையில்லை. ஆனால் தனியாகக் குடிக்க முடியாத மோசமான ஒயினை ஸ்பிரிட்ஸர் காப்பாற்றிவிடும் என்றும் எதிர்பார்க்காதீர்கள்.

இனிப்பு விஷயத்தில் ஒரு ஷாம்பெயின் நிறுவனம் செய்ததைப் பார்த்தால் புரியும். மொயே ஏ ஷாந்தோன் 2010இல் ஐஸுடன் குடிப்பதற்கென்றே ஒரு ஷாம்பெயினை வெளியிட்டது. அதில் லிட்டருக்கு ஏறக்குறைய 45 கிராம் சர்க்கரை. இனிப்புக் குறைந்த, சாதாரண ப்ரூட் வகையில் 12 கிராமுக்கு மேல் போகக் கூடாது. குளிரும் தண்ணீரும் சேர்ந்து இனிப்பை அவ்வளவு தூரம் அமுக்கிவிடும் என்பதை அறிந்தே அந்த அளவை வைத்திருக்கிறார்கள். ப்ரூட் ஷாம்பெயினில் ஐஸ் போட்டு, வெடுக்கென்ற புளிப்பு மட்டும் மிஞ்சுகிறது என்று குறைபடுபவர்கள் உண்டு. ஏன் என்பதற்கு விடை இந்த எண்களில் இருக்கிறது.

[திரையில்: இரண்டு சோடா பாட்டில்கள். லேபிள்கள் அருகில் காட்டப்படுகின்றன.]

ஸ்பிரிட்ஸரைக் கெடுக்கும் காரணங்களில் மிகக் குறைவாகப் பேசப்படுவது சோடா. வாயு ஏற்றிய வெறும் தண்ணீர் ஒரு வகை. சோடியம் பைகார்பனேட் போன்ற உப்புகள் சேர்ந்தது இன்னொரு வகை. பைகார்பனேட் என்பது ஆப்பசோடாவில் இருப்பதேதான், அது புளிப்பைத் தின்றுவிடும். லிட்டருக்கு 1500 மில்லிகிராம் பைகார்பனேட் உள்ள மினரல் நீரைச் சரிபாதியாக ஒயினில் ஊற்றினால், ஒயினின் புளிப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வேதிவினையிலேயே அடங்கிவிடுகிறது. ஏற்கெனவே தண்ணீர் சேர்ந்து பாதியான புளிப்பு மேலும் சரிவதால், கலவை சப்பென்று, லேசாக உப்புக் கரித்துக் கிடக்கும். ஒயின் மீது பழி போடுவதற்கு முன் லேபிளைப் படியுங்கள். பைகார்பனேட்டும் சோடியமும் குறைவாக இருப்பதே வேண்டும். வாயு மட்டும் பலமாக இருக்க வேண்டும், ஏனென்றால் நீர்த்துப்போன புளிப்பின் இடத்தில் நாக்கைச் சுண்டும் வேலையை அந்த வாயுதான் செய்கிறது.

கலக்கும் முறைக்கு வருவோம். ஐஸ் இல்லாமல் செய்வதாக இருந்தால் ஒயின், சோடா, கிளாஸ் மூன்றும் ஃப்ரிட்ஜிலிருந்து நேராக வரட்டும். முதலில் ஒயின், பிறகு சோடா. இனிப்பில்லாத ஒயினைவிடச் சோடா சற்று கனமானது, ஆகவே மேலிருந்து ஊற்றும்போது தானே கீழிறங்கிக் கலந்துவிடுகிறது. கரண்டி போட்டுக் கலக்கினால் வாயு போவதுதான் மிச்சம். கிளாஸைச் சாய்த்துப் பிடித்து, ஓரமாக வழிய விட்டு ஊற்றுங்கள்.

ஐஸ் வேண்டும் என்றால் அது கொண்டுவரும் தண்ணீரைச் சோடாவிலிருந்து கழித்துவிடுங்கள். 120 மில்லி ஒயின் எடுத்தால் 80 மில்லி சோடா, இருபது கிராம் அளவில் இரண்டு கட்டி ஐஸ். எல்லாம் கரைந்து முடியும்போது தண்ணீர் 120 மில்லி ஆகிறது, அதாவது வியன்னாவின் சரிபாதி. தொடக்கத்தில் சற்று அடர்த்தியாகவும் முடிவில் சரியாகவும் இருக்கும். 120 மில்லி சோடாவும் ஊற்றி ஐஸும் போட்டால் முடிவு வெறும் வாசனைத் தண்ணீர். அமிலம் குறைந்த ஒயின் என்று தோன்றினால் எலுமிச்சைத் தோலை ஒரு கீற்று மேலே பிழிந்து விடலாம். சாறு வேண்டாம், அது வந்தால் பேச்சு வேறு பானத்தைப் பற்றியதாகிவிடும்.

சரிபாதிதான் விதி என்றில்லை. சோடா நீர் செய்யும் கருவியை 1820களில் உருவாக்கிய பெனடிக்டைன் துறவி யேட்லிக் ஆன்யோஷின் நாடான ஹங்கேரியில், ஒயினும் சோடாவும் கலந்த ஃப்ரொச் என்ற பானத்துக்கு அளவுக்கு ஏற்பத் தனித்தனிப் பெயர்களே உண்டு. ஒரு பங்கு ஒயினும் ஒரு பங்கு சோடாவும் 'கிஷ்ஃப்ரொச்'. இரண்டு பங்கு ஒயினுக்கு ஒரு பங்கு சோடா 'நாஜ்ஃப்ரொச்'. ஒரு பங்கு ஒயினுக்கு இரண்டு பங்கு சோடா 'ஹொஸுலேபேஷ்'. கடைசி அளவுக்கு இறங்க வேண்டுமானால் புளிப்பு மிகுந்த ஒயின் அவசியம், சாதுவான ஒயின் அங்கே காணாமல் போய்விடும்.

[திரையில்: நீள கிளாஸில் சிவப்பு ஒயின், ஐஸ், எலுமிச்சைச் சோடா.]

சிவப்பு ஒயினுக்கு இடமே இல்லையா என்றால், ஸ்பெயினில் டின்டோ தே வெரானோ இருக்கிறது. டானின் குறைந்த, இளமையான, மலிவான சிவப்பு ஒயினை, இலேசாக இனிப்பான சோடாவுடன் சரிபாதியாகக் கலந்து, ஐஸ் நிறைத்துத் தருவார்கள். அங்கே சோடாவின் இனிப்பு, குளிரில் முன்னுக்கு வரும் துவர்ப்பை மட்டுப்படுத்துகிறது. அதே ஒயினை வெறும் சோடாவுடன் கலந்து பாருங்கள், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு முதல் வாயிலேயே தெரியும்.

விருந்துக்காக ஒரு ஜக் நிறையக் கலந்து வைப்பவர்களுக்கு ஒரு சொல். ஜக்கில் ஒயினை மட்டும் குளிர வைத்துக்கொள்ளுங்கள். சோடாவையும் ஐஸையும் ஒவ்வொரு கிளாஸிலும் அப்போதைக்கப்போது சேர்ப்பதுதான் முறை, ஏனென்றால் அரை மணி நேரம் திறந்து கிடந்த ஜக்கில் வாயு போய்விடும், ஐஸ் தண்ணீராகிவிடும், அதற்கு மேல் எவ்வளவு சோடா ஊற்றினாலும் அந்தத் தண்ணீரைத் திரும்ப எடுக்க முடியாது.