கடனைத் திருப்பிக் கேட்கும் வழக்கில் பிரதிவாதி எழுதும் கணக்கு

மண்டபம், ராமேசுவரம், தொண்டி என்று இந்தக் கரையோரம் முழுக்கப் படகுக்காரருக்கும் இறால் வியாபாரிக்கும் இடையில் இருப்பது முன்பண உறவு. சீசனுக்கு முன்னால் பணம், பிறகு பிடிப்பில் கழிவு. உறவு கெட்டால் வியாபாரி கையில் புரோநோட்டு இருக்கும், படகுக்காரர் கையில் கசங்கிய பில்கள் இருக்கும். வழக்குப் போடுகிறவர் புரோநோட்டு வைத்திருப்பவர். பில் வைத்திருப்பவர் என்ன செய்யலாம் என்பதுதான் இன்றைய பேச்சு. பிரதிவாதியின் பதிலைப் பற்றிப் பேசும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் எட்டாவது கட்டளையை முழுக்கச் சொல்லப் போவதில்லை. ஒரு வழக்கை மட்டும் எடுத்துக்கொள்வோம். இது உதாரணத்துக்காக நான் அமைத்தது. ஆனால் தேதிகளைக் கவனமாகப் பாருங்கள்.

2022 மார்ச் 18 அன்று ஒரு விசைப்படகு உரிமையாளர் ஒரு வியாபாரியிடம் 8,00,000 ரூபாய் வாங்கிப் புரோநோட்டு எழுதிக் கொடுக்கிறார். மார்ச் 21 முதல் ஏப்ரல் 12 வரை, அதாவது தடைக்காலம் தொடங்குவதற்கு முன்னால், ஆறு தடவை இறால் போடுகிறார். ஆறு பில்லும் சேர்த்து 5,00,000 ரூபாய். பேச்சு என்னவென்றால், ஒவ்வொரு பில்லிலும் நூறுக்கு நாற்பது முன்பணத்தில் கழியும், மீதி அறுபது கையில் வரும். ஏப்ரல் 12 பில்லைப் பாருங்கள்: 160 கிலோ, கிலோ 450, மொத்தம் 72,000. அதிலேயே வியாபாரி 28,800 பற்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மீதி 43,200 வரவில்லை. ஆறு பில்லையும் கூட்டினால் கழிந்தது 2,00,000, வராதது 3,00,000. பிறகு 2023 ஆகஸ்டில் தகராறு முற்றி, வியாபாரி ஆள் வைத்துப் படகிலிருந்த வலையையும் ஜி.பி.எஸ். கருவியையும் எடுத்துப்போய்விடுகிறார். அந்த நட்டத்தைப் படகுக்காரர் 4,00,000 என்று மதிக்கிறார்.

புரோநோட்டுக் கடனுக்கு மூன்று வருடம். அது 2025 மார்ச் 18-ல் முடியும். வியாபாரி மார்ச் 10 அன்று வழக்கைத் தாக்கல் செய்கிறார். எட்டு நாள் மிச்சம். இது தற்செயல் என்று நினைக்காதீர்கள். கடைசி வாரம் வரை பேச்சுவார்த்தை என்று இழுத்துவிட்டுப் பிறகு வழக்குப் போடுவது நம் ஊரில் சாதாரணம். மார்ச் 25-ல் சம்மன் சார்வாகிறது. ஏப்ரல் 21-ல் எதிருரை தாக்கலாகிறது. எதிருரை என்பது நீதிமன்ற வளாகத்தில் எல்லோரும் ரிட்டன் ஸ்டேட்மென்ட் என்று சொல்கிற அதே தாள்தான்.

இப்போது படகுக்காரருக்குச் சேரவேண்டியது என்று மூன்று தொகை இருக்கிறது: இரண்டு லட்சம், மூன்று லட்சம், நாலு லட்சம். அவசரத்தில் எழுதப்படும் எதிருரைகளில் இந்த மூன்றும் ஒரே பத்தியில், பிரதிவாதி வாதி மேல் திருப்பிப் போடும் எதிர்க்கோரிக்கையாக, ஒன்பது லட்சம் என்று போய்ச் சேரும். வழக்கு அந்த இடத்திலேயே பாதி கெட்டுவிடும்.

முதல் இரண்டு லட்சத்தை எடுங்கள். அது வழக்குக்கு முன்பே கழிந்துபோன பணம். வியாபாரியே பற்று எழுதியிருக்கிறார். எனவே இது செலுத்துகை. கடனில் இவ்வளவு தீர்ந்துவிட்டது என்ற சாதாரணத் தற்காப்பு. இதற்கு நீதிமன்றக் கட்டணம் கிடையாது, காலவரம்புக் கேள்வியும் எழாது. இதைக் கோரிக்கையாக எழுதினால் தீர்ந்த கடனுக்குக் காசு கட்டியதாக ஆகும், அதோடு அந்தப் பணம் இன்னும் கழியவில்லை என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகவும் ஆகும்.

அடுத்து மூன்று லட்சம். இது இன்னும் கழியாத பணம், ஆனால் தொகை நிச்சயமானது. எத்தனை கிலோ, என்ன விலை, எவ்வளவு பாக்கி என்று பில் சொல்கிறது. எட்டாம் கட்டளை ஆறாவது விதி சொல்லும் எதிரீடு, அதாவது வாதி கேட்கும் தொகையில் தன் பாக்கியைக் கழிக்கச் சொல்லும் செட்-ஆஃப், இதற்குத்தான். வழக்கு பண வழக்காக இருக்கவேண்டும். தொகை நிர்ணயமானதாக, சட்டப்படி வசூலிக்கக் கூடியதாக, அந்த நீதிமன்றத்தின் பண வரம்புக்குள் இருக்கவேண்டும். இரு தரப்பும் வழக்கில் எந்தத் தகுதியில் நிற்கிறார்களோ அதே தகுதியில் இந்தக் கடனிலும் நிற்கவேண்டும்.

இங்கேதான் தேதி வேலை செய்கிறது. சரக்கு விலைக்கு, கடன் தவணை எதுவும் பேசாதபோது, சரக்கு ஒப்படைத்த நாளிலிருந்து மூன்று வருடம். முதல் பில்லுக்கு 2025 மார்ச் 21 கெடு, கடைசி பில்லுக்கு ஏப்ரல் 12. எதிருரை தாக்கலானது ஏப்ரல் 21. அப்படியானால் ஆறு பில்லும் செத்துப்போனதா? காலவரம்புச் சட்டத்தின் மூன்றாவது பிரிவு, இரண்டாவது உட்பிரிவு இதற்குப் பதில் சொல்கிறது. எதிரீடு என்று கேட்டால், அது வாதியின் வழக்கு தாக்கலான நாளிலேயே தொடுக்கப்பட்டதாகக் கருதப்படும். எதிர்க்கோரிக்கை என்று கேட்டால், அதை நீதிமன்றத்தில் வைத்த நாள்தான் கணக்கு. எதிரீடாக எழுதினால் நாள் மார்ச் 10; ஆறு பில்லும் உயிரோடு இருக்கின்றன. எதிர்க்கோரிக்கையாக எழுதினால் நாள் ஏப்ரல் 21, ஆறும் போயிற்று. அதே பில், அதே பாக்கி. தலைப்பு ஒன்று மாறியதில் மூன்று லட்ச ரூபாய் வித்தியாசம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் விழிப்பானவர் என்றால் முதலில் பிடிப்பது இதைத்தான். அவர் பிடிக்காவிட்டாலும், காலவரம்பைத் தானாகவே பார்க்கவேண்டியது நீதிமன்றத்தின் கடமை.

கடைசி நாலு லட்சம் எதிரீடு ஆகாது. வலைக்கும் கருவிக்கும் என்ன மதிப்பு, எத்தனை நாள் தொழில் நின்றது என்பதெல்லாம் சாட்சியம் எடுத்து நீதிமன்றம் நிர்ணயிக்கவேண்டிய நட்டஈடு. நிச்சயமான தொகை அல்ல. அதற்கு இடம் 6-ஏ விதி, எதிர்க்கோரிக்கை. 1976-ல் கொண்டுவந்த திருத்தத்தில் வந்த விதி இது. புரோநோட்டும் வலை எடுத்ததும் வேறு வேறு சம்பவம் என்பது இதற்குத் தடையில்லை. வாதிக்கு எதிரான எந்த உரிமையையும் கேட்கலாம். ஆனால் அதற்கான காரணம் எதிருரை கொடுப்பதற்கு முன்போ அல்லது அதைக் கொடுக்க வேண்டிய கெடு முடிவதற்கு முன்போ எழுந்திருக்கவேண்டும், தொகை நீதிமன்ற வரம்புக்குள் இருக்கவேண்டும். 2023 ஆகஸ்டு சம்பவத்துக்கு மூன்று வருடம் 2026 ஆகஸ்டில்தான் முடியும், ஆகவே இங்கே தாக்கல் நாள் ஏப்ரல் 21 என்பதால் பாதகமில்லை.

எதிர்க்கோரிக்கையைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடும் பழக்கமும் இருக்கிறது. எதிருரைக்குப் பிறகு தனியாகக் கொடுப்பது நீதிமன்றத்தின் விருப்பத்தைப் பொறுத்தது. வழக்கில் தீர்மானிக்கவேண்டிய கேள்விகளான எழுவினாக்களை நீதிமன்றம் வகுத்த பிறகு அந்த வாசலும் மூடிவிடும் என்று 2019-ல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது.

கட்டணம்: தமிழ்நாட்டில் எதிரீட்டுக்கும் எதிர்க்கோரிக்கைக்கும் வழக்குரைக்குப் போலவே கட்டவேண்டும். 2017 திருத்தத்துக்குப் பிறகு பணக் கோரிக்கைக்கு நூறுக்கு மூன்று. ஆக மூன்று லட்சத்துக்கு 9,000, நாலு லட்சத்துக்கு 12,000. செலுத்துகை என்ற இரண்டு லட்சத்துக்கு ஒன்றுமில்லை.

தொகை பிரித்தாயிற்று. இனி மறுப்பு. புரோநோட்டு வழக்கில் பலர் முதலில் எழுதுவது, "வழக்குரை 4-வது பத்தியில் கண்டவை பொய், வாதி நிரூபிக்கவேண்டும்" என்பது. குறிப்பாக மறுக்காத ஒவ்வொன்றும் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று ஐந்தாவது விதி சொல்கிறது. சுற்றி வளைத்த மறுப்பும் அப்படித்தான். "18.3.2022 அன்று மண்டபத்தில் வைத்து ரூ.8,00,000 பெறவில்லை" என்று எழுதினால், வேறு நாளில் வாங்கினாரா, ஏழு லட்சம் வாங்கினாரா என்று கேள்வி வரும். நான்காவது விதி நேராகச் சொல்கிறது: வாங்கவே இல்லை என்றால் அந்தத் தொகையையோ அதில் எந்தப் பகுதியையோ வாங்கவில்லை என்று எழுது, குறைவாக வாங்கினால் எவ்வளவு என்று எழுது.

நம் வழக்கில் கையெழுத்தை மறுப்பது தற்கொலை. பில்லில் பற்று என்று இருப்பதை நம்பியிருக்கிற ஆள், கடனே இல்லை என்று சொல்ல முடியாது. எந்தக் கடனில் கழிந்தது என்று உடனே கேட்பார்கள். ஆகவே இப்படி எழுதலாம்: "பிரதிவாதி 18.3.2022 தேதிய புரோநோட்டை எழுதிக்கொடுத்து ரூ.8,00,000 பெற்றது உண்மை. 21.3.2022 முதல் 12.4.2022 வரையான ஆறு பில்களின் வழி ரூ.2,00,000 வாதியால் கழிக்கப்பட்டது. முழுத் தொகையும் நிலுவை என்பதைப் பிரதிவாதி மறுக்கிறார்." கூச்சப்படாமல் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொண்டால், மறுக்கிற இடத்தில் நீதிமன்றம் காதுகொடுக்கும். ஆனால் ஒன்று: கடனை ஒப்புக்கொண்டதால் கழிவை நிரூபிக்கும் பாரம் இனி படகுக்காரர் தலையில். ஆறு பில்லும் எதிருரையோடு பட்டியலிட்டுத் தாக்கலாக வேண்டும். பிறகு கொண்டுவந்தால் நீதிமன்ற அனுமதி வேண்டும். உப்புக்காற்றில் மை மங்கிய பில்லை இப்போதே தெளிவாகப் படம் பிடித்து வைத்து, மூலத்தையும் பத்திரப்படுத்துங்கள்.

கெடு முப்பது நாள். காரணத்தைப் பதிவுசெய்து தொண்ணூறு வரை தரலாம். சாதாரண வழக்கில் அதையும் தாண்டி அபூர்வமாக அனுமதி கிடைக்கும். அதே வழக்கை வணிக வழக்காகப் போட்டிருந்தால் 120-வது நாளோடு உரிமையே போய்விடும். ஆகவே சம்மன் வந்த அன்றே அது எந்த வகை வழக்கு என்று பார்த்துவிடுங்கள்.

இனிக் கணக்கு. வட்டியை விட்டுவிட்டுப் பார்ப்போம். எட்டு லட்சத்தில் செலுத்துகை இரண்டு, எதிரீடு மூன்று போனால் வாதிக்கு வருவது மூன்று லட்சம். எதிர்க்கோரிக்கை நாலு லட்சமும் நிரூபணமானால் தீர்ப்பாணை படகுக்காரர் பக்கம் ஒரு லட்சத்துக்கு வரும். ஒன்றரை லட்சம்தான் நிரூபணமானால் வாதிக்கு ஒன்றரை லட்சம். எதிர்க்கோரிக்கைக்கு வாதி பதிலுரை போடாமல் விட்டால், அந்த அளவில் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அவர் வழக்கு தள்ளுபடியானாலும் எதிர்க்கோரிக்கை தொடர்ந்து நடக்கும்.

இவ்வளவும் ஒரு சின்ன எழுத்தில் குலைந்துவிடலாம். புரோநோட்டு வியாபாரியின் சொந்தப் பெயரில் இருக்கும்; பில் அவரும் அவர் மைத்துனரும் பங்காளியாக நடத்தும் கம்பெனி பெயரில் இருக்கும். கம்பெனி தரவேண்டிய கடனை, தனிமனிதர் போட்ட வழக்கில் எதிரீடு செய்தால் ஆட்சேபம் வரும். தகுதி ஒன்றாக இல்லை என்பார்கள். எதிர்க்கோரிக்கையாகக் கேட்பதும் சிக்கல், ஏனென்றால் கம்பெனி அங்கே வாதி அல்ல. அப்போது கம்பெனி மேல் தனி வழக்குப் போட நேரலாம், அதற்கும் காலவரம்பு 2022 மார்ச் 21-லேயே ஓடத் தொடங்கிவிடும். படகு அண்ணன் தம்பி இருவர் பெயரில் இருந்து, புரோநோட்டு அண்ணன் ஒருவரே எழுதியிருந்தாலும் இதே தொல்லை வரும். பில்லில் தலைப்பில் அச்சடித்த பெயர் என்ன, யார் பெயருக்கு எழுதியிருக்கிறது, கீழே யார் கையெழுத்து என்ற மூன்றையும் எதிருரை எழுத உட்காரும் முன் ஆறு பில்லிலும் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.