ஆறாம் இடமும் செவ்வாய் சனி பார்வையும்: எதுவரை சொல்லலாம்?

சேலத்து அன்பர்களுக்கு வணக்கம். நோயைக் குறிக்கும் ஆறாம் இடம் முழுவதையும் ஒரு மாலையில் பேசி முடிக்க இயலாது. ஆகவே என்னிடம் வந்த ஒரு ஜாதகத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஏற்காட்டு மலைப்பாதையில் வேன் ஓட்டும் 27 வயது இளைஞர், கணுக்கால் வலியோடு தம் தாயாருடன் வந்திருந்தார். அவருக்குக் கன்னி லக்னம். ஆறாம் வீடாகிய கும்பத்தில் சனி ஆட்சியாக இருக்க, பன்னிரண்டாம் வீடாகிய சிம்மத்திலிருந்து செவ்வாய் ஏழாம் பார்வையாக அவரைப் பார்க்கிறார். சனியும் திரும்பப் பார்க்கிறார். அப்போது சனி தசையில் செவ்வாய் புக்தி, 1 வருடம் 1 மாதம் 9 நாள் நடப்பது, தொடங்கியிருந்தது. காலபுருஷனின் உடலில் கும்பம் கணுக்கால் பகுதி. இதை வைத்து வேறொரு ஜோதிடர், "காலையே எடுக்க வேண்டி வரும்" என்று சொல்லிவிட்டிருந்தார். ஜாதகம் இருந்த மஞ்சள் பையை அந்தத் தாயார் விரல் வெளுக்கும்படி இறுக்கிப் பிடித்திருந்ததை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

சொன்னவர் பாதி விதியோடு நின்றுவிட்டார். ஆறில் பாவ கிரகம், அதுவும் ஆட்சி பெற்று நின்றால், நோயை எதிர்த்து நிற்கும் வலுவையும் தரும் என்பது மீதி விதி. லக்னாதிபதி புதன் ஐந்தாம் வீட்டில் இருந்ததையும் அவர் கணக்கில் எடுக்கவில்லை.

அடுத்து நான் பார்த்தது பிறந்த நேரம். "நள்ளிரவு தாண்டி 1 மணி இருக்கும் ஐயா" என்றார் அம்மா. அந்த நேரத்துக்கு லக்னம் கன்னியில் 28 பாகை. ஒரு பாகை நகர ஏறக்குறைய 4 நிமிடம் ஆகும் என்பதால், குழந்தை 10 நிமிடம் பிந்திப் பிறந்திருந்தால் லக்னம் துலாமாகி, ஆறாம் வீடு மீனமாகி, சனி ஐந்துக்கும் செவ்வாய் பதினொன்றுக்கும் போய்விடுவார்கள். "இருக்கும்" என்ற ஒரு சொல்லை நம்பி ஒருவருடைய காலைப் பற்றித் தீர்ப்பு சொல்லலாமா?

நேரம் சரியே என்று வைத்துக்கொண்டாலும், செவ்வாய் ஒரு ராசியில் சுமார் 45 நாள் இருக்கிறார். அந்த நாட்களில் தினமும் ஏறக்குறைய 2 மணி நேரம் கன்னி லக்னத்தில் பிறந்த எல்லோருக்கும் இதே அமைப்புதான். அவர்களில் எத்தனையோ பேர் நன்றாக நடக்கிறார்கள். ஆகவே இந்த அமைப்பு எந்தப் பகுதியில், எந்தக் காலத்தில் கவனம் வேண்டும் என்பதைச் சுட்டலாம். எலும்பா, நரம்பா, இரத்தமா என்று பிரித்துச் சொல்ல அதில் இடமில்லை.

நான் அவரிடம் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, இந்தப் புக்தியில் காலை அலட்சியப்படுத்த வேண்டாம். வலியைப் பரிகாரத்துக்காகத் தள்ளிப்போடாமல் இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்." இரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் கூடியிருந்ததாகப் பிறகு வந்து சொன்னார். நான் கற்ற எந்த விதியிலும் யூரிக் அமிலம் என்ற சொல் கிடையாது.