நீளமான இசிஜியிலிருந்து துடிப்புகளை வெட்டி எடுப்பது எப்படி?

[திரையில்: இசிஜி கோடு மெதுவாக நகர்கிறது]

எம்ஐடி-பிஐஎச் அரித்மியா தொகுப்பின் 100-ஆம் பதிவு இது. அரை மணி நேரப் பதிவு. நொடிக்கு 360 சாம்பிள் வீதம் மொத்தம் 6,50,000 எண்கள். ஒவ்வொரு துடிப்பும் எங்கே வருகிறது, எந்த வகை என்று நிபுணர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் குறி ஏறத்தாழ துடிப்பின் கூர்முனையான ஆர் உச்சியில் விழும். அதை மையமாக வைத்து, முன்னால் 90 சாம்பிள், பின்னால் 144 சாம்பிள் எடுக்கப் போகிறோம். கால் நொடியும் 0.4 நொடியும். பின்பக்கம் அதிகம் விடுவது, துடிப்பின் கடைசியில் வரும் டி அலை முழுசாக உள்ளே வரட்டும் என்றுதான்.

[திரையில்: முதல் குறிகள் 18, 77, 370]

18-இல் இருப்பது `+` குறி. இதயத்தின் லயம் எது என்று சொல்லும் குறிப்பு அது, துடிப்பு இல்லை. முதலில் அதை நீக்கிவிடுங்கள்.

முதல் துடிப்பு 77-இல். அதிலிருந்து 90-ஐக் கழித்தால் -13 வருகிறது. பதிவின் எண்கள் `x` என்ற அரேயில் இருக்கின்றன. பைத்தானில் `x[-13:221]` என்று கேட்டால் அந்த இடத்தில் பிழை எதுவும் காட்டாது. கழித்தல் எண்ணைப் பதிவின் கடைசியிலிருந்து எண்ணிக்கொண்டு, காலியான அரேயைத் தந்துவிடும். அதை மட்டும் பிறகு வடிகட்டிவிட்டு வகைக் குறியை விட்டுவிட்டால், எல்லாக் குறிகளும் ஒரு துடிப்பு தள்ளிப் போய் உட்காரும். அதனால் இரண்டையும் சேர்த்தே வடிகட்டுங்கள். ஒவ்வொரு துடிப்பின் இடமும் வகையும் `beats` பட்டியலில் ஜோடியாக இருக்கின்றன:

```python
ok = [(r, s) for r, s in beats
      if r >= 90 and r + 144 <= len(x)]
w = [x[r-90:r+144] for r, s in ok]
```

[திரையில்: 1515, 1809, 2044, 2402]

இப்போது 2044-ஐப் பாருங்கள். `A` வகை, அதாவது மேலறையிலிருந்து முந்திக்கொண்டு வந்த துடிப்பு. 1809-இன் துண்டு 1952-இல் முடிகிறது, இதன் துண்டு 1954-இல் தொடங்குகிறது. நடுவில் ஒரே ஒரு சாம்பிள்! இன்னும் சற்று முந்தியிருந்தால் இரண்டு துண்டுகளும் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும். ஆர்-ஆர் இடைவெளி 144 சாம்பிளுக்கும் கீழே போனால், அடுத்த துடிப்பின் உச்சியே உள்ளே வந்துவிடும். வேகமாகத் துடிக்கும் இதயத்துக்கு இந்த அளவு பொருந்தாது என்பது அப்போது தெரியும்.

ஆனால் என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. இந்த வகைத் துடிப்பின் கூர்முனை பெரும்பாலும் சாதாரணத் துடிப்பு மாதிரியேதான் இருக்கும். அதைக் காட்டிக்கொடுப்பது நேரம். முந்தைய இடைவெளி 294 சாம்பிள், இது வந்தது 235-இல், அடுத்தது 358 கழித்து. துண்டை வெட்டியதும் இந்த மூன்று எண்களும் தொலைந்துபோகின்றன. எனவே ஒவ்வொரு துண்டோடும் முன் இடைவெளி, பின் இடைவெளி இரண்டையும் தனியாகச் சேர்த்து வையுங்கள்.

அந்தக் கணக்கை வடிகட்டுவதற்கு முன்பே, முழுப் பட்டியலிலும் போட்டுவிடுங்கள். 77-ஐ நீக்கிய பிறகு கணக்கிட்டால், 370-இன் முன் இடைவெளியான 293 கிடைக்காது.