அறிவிப்பைத் தள்ளிவைப்பது வேறு, மின்னஞ்சலைத் தள்ளிவைப்பது வேறு

[திரையில்: பூட்டிய கைப்பேசி, செவ்வாய்க்கிழமை காலை 11 மணி]

வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்திருக்கும் ஒருவருக்கு, வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குள் வருமானச் சான்றிதழின் நகலை அனுப்பும்படி வங்கியிலிருந்து மின்னஞ்சல் வருகிறது. அவர் அப்போது பேருந்தில் நின்றுகொண்டிருக்கிறார். அதைத் திறந்து படித்துவிட்டுக் கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டால், அறிவிப்பும் மறைந்துவிடும். தடித்த எழுத்தில் இருந்த தலைப்பும் சாதாரண எழுத்தாகி, படித்து முடித்த மற்றக் கடிதங்களோடு கலந்துவிடும். பெரும்பாலான மறதி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

[திரையில்: அறிவிப்பு விரிகிறது, கடிகாரக் குறி தெரிகிறது]

எனவே, உடனே கவனிக்க முடியாத நேரத்தில் கடிதத்தைத் திறக்காமல், அறிவிப்பை மட்டும் விரித்து, அதன் ஓரத்தில் உள்ள கடிகாரக் குறியைத் தொடுங்கள். அறிவிப்பைச் சிறிது நேரம் மறைத்துவைத்து மீண்டும் காட்டும் இந்த வசதி ஆண்ட்ராய்டில் 2017-இல் வந்தது. குறி தெரியவில்லையென்றால், பல கைப்பேசிகளில் `Settings` பகுதியின் `Notifications` என்பதற்குள் சென்று அதை இயக்க வேண்டியிருக்கும். சாம்சங் கைப்பேசிகளில் அது `Show snooze button` என்ற பெயரில் இருக்கிறது. வழக்கமாக 15 நிமிடம், 30 நிமிடம், 1 மணி நேரம், 2 மணி நேரம் ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

அதற்கு மேல் தள்ளிவைக்க இதில் வழியில்லை. மேலும், இடையில் அந்தக் கடிதத்தை ஜிமெயிலில் திறந்துவிட்டால், தள்ளிவைத்த அறிவிப்பு திரும்பி வராது. ஆகவே, பேருந்திலிருந்து இறங்கும் வரைதான் இதை நம்பலாம். வியாழக்கிழமை வரை நம்ப முடியாது.

[திரையில்: ஜிமெயில், மூன்று புள்ளிகள், `Snooze`]

அறிவிப்பு மீண்டும் வந்ததும், ஜிமெயிலில் கடிதத்தைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, `Snooze` என்பதைத் தேர்ந்தெடுத்து, நாளையும் நேரத்தையும் நீங்களே குறியுங்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: கெடு முடியும் வெள்ளிக்கிழமை மாலையையே குறித்துவிடுகிறார்கள். சான்றிதழ் வீட்டு அலமாரியில் இருக்கிறது, அதை ஸ்கேன் செய்யவும் வேண்டும் என்பதால், நினைவூட்டல் வரவேண்டிய நேரம் புதன்கிழமை இரவு 8 மணி; அவர் வீட்டில், அலமாரிக்கு அருகில் இருக்கும் நேரம் அது. குறித்த நேரம் வரை கடிதம் `Snoozed` பகுதியில் இருக்கும்; நேரம் வந்ததும் இன்பாக்ஸின் மேலே வந்து நிற்கும்.

[திரையில்: பதில் அனுப்பப்படுகிறது]

நகலை அனுப்பியதோடு வேலை முடிந்ததாக நினைத்துவிடக் கூடாது. வங்கி அதைப் பெற்றுக்கொண்டதா என்பது இன்னும் தெரியாது. அதனால் பதில் அனுப்பிய கையோடு, அதே உரையாடலை வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்கு மறுபடியும் தள்ளிவையுங்கள். வங்கி அதற்கு முன்பே பதில் எழுதினால், உரையாடல் தானாகவே இன்பாக்ஸுக்கு வந்துவிடும். எழுதாவிட்டால், காலை 10 மணிக்கு அது கண்முன் வரும். கிளைக்குத் தொலைபேசியில் பேசிக் கேட்பதற்கு இன்னும் 6 மணி நேரம் மீதமிருக்கும்.